எண்களை எடுக்க மாட்டோம்

பெங்களூரிலிருந்து வந்த மின்னஞ்சலில் மூன்று வரிகள்தான் இருந்தன. அடி விழும்போது எதிரியின் தலைக்கு மேலே எழும்பும் எண்களால் விளையாட்டு திக்கித் திக்கி நிற்கிறது, அவற்றை எடுத்துவிடுங்கள், அடி விழுந்தது தெரிய சத்தமே போதும். முதலாளி அதைப் படித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"எடுத்துடும்மா. ஒரு நாள் வேலைகூட இல்லியே."

"எடுக்க மாட்டேன் சார்" என்றேன்.

நான் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. இந்த வேலைக்கு வருமுன் மூன்று வருடம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களை அச்சடிக்கும் புரோகிராமைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டுச் செய்திருக்கிறேன். ஆனால் அன்று காலையில் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது. வந்தபின் அதைத் திரும்ப எடுக்க எனக்கு மனமும் இல்லை.

எங்கள் அலுவலகம் ஆம்பூரில் நெடுஞ்சாலையைப் பார்த்த ஒரு கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. நான்கு கம்ப்யூட்டர்கள், ஒரு மேசை நிறைய போன்கள். மேல்விஷாரத்தில் தோல் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் எங்கள் முதலாளி. தோல் வேண்டாம், செல்போன் விளையாட்டு செய்யப்போகிறேன் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர். அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இது. பெங்களூர் கம்பெனி ஒன்று, அவர்கள் பெயரில் வெளியிட, ஒரு கோட்டைக்குள் வாள் சண்டை போடும் விளையாட்டைச் செய்து தரச் சொல்லியிருந்தது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பொத்தான் வைத்த ஜாவா போன்களின் காலம். அந்த போன்கள் ஒரு விளையாட்டுக்கு ஒதுக்கித் தந்த நினைவகத்தில் இன்றைக்கு ஒரு போட்டோகூட அடங்காது.

புரோகிராம் எழுதியது நான். படம் வரைந்தவள் குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்துப் பெண். என்னைவிட ஒரு வயது சின்னவள். பிறவியிலேயே காது கேட்காது. உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வாள். மீதியை எழுதிக் காட்ட வேண்டும். எங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஒரு கோடு போட்ட நோட்டு எப்போதும் திறந்தே கிடக்கும்.

விளையாட்டில் எதிரிகள் கேடயம் வைத்திருப்பார்கள். முன்னால் நின்று வெட்டினால் கேடயத்தில் பட்டு அடி வீணாகும். சுற்றிப்போய் முதுகில் வெட்ட வேண்டும். கேடயத்தில் பட்டால் 'டங்' என்று ஒரு சத்தம், உடம்பில் பட்டால் வேறொரு சத்தம். முதலில் நான் அதோடு விட்டிருந்தேன். அவள் இரண்டு நாள் விளையாடிப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினாள்: "நான் அடிக்கிறேன். அவன் சாகவே மாட்டேங்கிறான். அடி விழுதா இல்லையா?"

படித்தபோது எனக்கு முகம் சுட்டது. சத்தத்தை வைத்து நான் சொன்ன சேதி எதுவும் அவளைப் போய்ச் சேரவில்லை. தான் வரைந்த எதிரியை அவளாலேயே வெல்ல முடியவில்லை.

அப்படித்தான் எண்கள் வந்தன. கேடயத்தில் பட்டால் எதிரியின் தலைக்கு மேலே ஒரு 0. முதுகில் பட்டால் 14, 18. நேரம் பார்த்து ஓங்கி வெட்டினால் சிவப்பில் 40. எண் சட்டென்று பெரிதாகத் தோன்றும், உடனே சற்றுச் சிறுக்கும், மேலே எழும்பும், மறையும். எழும்புவதில்கூட முதலில் வேகம், போகப் போக மெது. எல்லாம் சேர்ந்து ஒரு நொடிக்கும் குறைவு.

மறைவதுதான் சிக்கலாக இருந்தது. பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் ஒரு படத்தைக் காட்டும் வித்தை அந்த போன்களில் பாதிக்கு வராது. அவள்தான் வழி கண்டுபிடித்தாள். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒரே பட்டையாக வரைந்தாள். அதே பட்டையை இன்னும் மூன்று முறை வரைந்து, ஒவ்வொன்றிலும் புள்ளிகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்துக்கொண்டே போனாள். இரண்டாவது சல்லடை மாதிரி, மூன்றாவது அதைவிடக் கிழிந்த சல்லடை, நான்காவதில் ஏதோ தூசு மட்டும். வரிசையாகக் காட்டினால் எண் காற்றில் கரைவது போலவே இருக்கும். சிவப்புக்கு ஒரு தொகுதி, வெள்ளைக்கு ஒரு தொகுதி. ஒரு வாரம் குனிந்த தலை நிமிராமல் செய்தாள்.

அதைத்தான் எடுக்கச் சொன்னார்கள்.

"ஏம்மா, இன்னா பிடிவாதம் இது?" என்றார் முதலாளி. "ஒரு வாரத்துல கொடுத்தாவணும். சின்ன போன்ல நின்னு நின்னு போவுதுன்றாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்குதில்ல?"

"நிக்குதுன்றது நிஜம் சார். எண்ணாலதான் நிக்குதான்னு யாரும் பாக்கலியே. மூணு நாள் குடுங்க."

"மூணு நாள்ல முடியலன்னா?"

"அப்பவும் எடுக்க மாட்டேன். நீங்க வேற ஆள வெச்சு எடுத்துக்கங்க."

அவர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

கம்ப்யூட்டரில் விளையாடும்போது எதுவும் நிற்கவில்லை. அதனால்தான் எனக்கு முன்பே தெரியவில்லை. மேசையில் இருந்த போன்களிலேயே மட்டமானதை எடுத்து அதில் ஏற்றிப் பார்த்தேன். ஒரு எதிரி என்றால் சும்மா ஓடியது. மூன்று பேர் சூழ்ந்துகொண்டு, நான் வாளைச் சுழற்ற ஆரம்பித்ததும் திரை அரை நொடி அப்படியே உறைந்தது. பிறகு ஓடியது. பத்து நொடி கழித்து மறுபடி உறைந்தது.

மீதி நினைவகம் எவ்வளவு என்று போனிடம் கேட்டுத் திரையின் மூலையில் எழுதிக் காட்டச் செய்தேன். அப்போது நிலைமை இன்னும் மோசமானது. சும்மா நின்றாலே உறைந்தது. கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு புரிந்தது. அந்த எழுத்தை எழுதுவதற்கே ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் புதிதாக ஒரு துண்டு செலவானது. எழுத்தை விட்டுவிட்டு, திரையின் மேல் ஓரத்தில் ஒரு மெல்லிய பச்சைக் கோடு மட்டும் போட்டேன். நினைவகம் குறைந்தால் கோடு குறுகும்.

அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து போனைக் கொடுத்தேன். அவள் விளையாட, நான் கோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் கோடு ஒரு மயிரிழை குறுகியது. அடி, குறுகல். அடி, குறுகல். இடது ஓரத்தைத் தொட்டதும் விளையாட்டு உறைந்தது. அரை நொடிக்குப் பின் கோடு முழுநீளத்துக்கு நீண்டது, விளையாட்டு ஓடியது. அவள் என் கையைப் பிடித்து, கோட்டையும் எண்ணையும் மாறி மாறிக் காட்டினாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். ஒவ்வொரு அடிக்கும் நான் ஒரு புதிய ஆப்ஜெக்டை உருவாக்கினேன். எண் எங்கே இருக்கிறது, எவ்வளவு, எத்தனை வயது என்பதையெல்லாம் வைத்துக்கொள்ள நினைவகத்தில் ஒரு சின்னப் பெட்டி. எண்ணை எழுத்தாக மாற்ற இன்னொரு துண்டு. ஒரு நொடியில் எண் மறைந்ததும் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, அடுத்த அடிக்கு மறுபடி புதிது. போட்டுவிட்டுப் போனவை குப்பையாகச் சேர்ந்துகொண்டே இருந்தன. இடம் தீர்ந்ததும் விளையாட்டை ஓட்டும் ஜாவா எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுக் கூட்டிப் பெருக்க வரும். அந்த நேரத்தில்தான் திரை உறைந்தது.

ஷூ கம்பெனியில் 'லாஸ்ட்' என்று ஒன்று உண்டு. பாதத்தின் அச்சு. அதன் மேல் தோலை இழுத்துப் பூட்டி ஷூவுக்கு வடிவம் கொடுப்பார்கள். ஷூ தயாரானதும் அச்சை உருவி ரேக்கில் வைத்துவிடுவார்கள், அடுத்த ஜோடிக்கு அதுவே வரும். ஒவ்வொரு ஷூவுக்கும் ஒரு புது அச்சு செய்து தூக்கிப்போடும் பைத்தியக்காரன் ஆம்பூரில் எவனும் இல்லை. நான்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஒரே நேரத்தில் திரையில் எத்தனை எண்கள் வரக்கூடும் என்று அவளை மூன்று எதிரிகளோடு சண்டை போடவிட்டு எண்ணினேன். ஒன்பதுக்கு மேல் போகவில்லை. பன்னிரண்டு போதும் என்று முடிவு செய்தேன். விளையாட்டு திறக்கும்போதே பன்னிரண்டு ஆப்ஜெக்டுகளை ஒரு வரிசையில் உருவாக்கிவிட வேண்டும். அதற்குப்பின் சண்டையில் ஒன்றைக்கூடப் புதிதாக உருவாக்கக் கூடாது. அடி விழுந்தால் வரிசையில் சும்மா இருக்கும் ஒன்றைத் தேடி, எண்ணையும் இடத்தையும் அதற்குக் கொடுத்து, வயதைப் பூஜ்யமாக்கி எழுப்பிவிட வேண்டும். அது எழும்பும், கரையும், வயது முடிந்ததும் 'சும்மா இருக்கிறேன்' என்று அடையாளம் போட்டுக்கொண்டு அதே இடத்தில் காத்திருக்கும். பன்னிரண்டும் வேலையாக இருந்தால், எது ரொம்ப நேரமாகத் திரையில் இருக்கிறதோ அதைப் பிடுங்கிப் பயன்படுத்த வேண்டும். எப்படியும் அது மறையப்போகிற தறுவாயில்தான் இருக்கும், யாருக்கும் தெரியாது. எண்ணை எழுத்தாக மாற்றுவதையும் விட்டேன். பத்தால் வகுத்து இலக்கம் இலக்கமாகப் பிரித்து, அவளுடைய பட்டையிலிருந்து அந்தந்த இலக்கத்தை நேரே திரையில் வரைந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் போனில் ஏற்றினேன். மூன்று எதிரிகள். கண்ணைக் கோட்டை விட்டு எடுக்கவே இல்லை. அடித்தேன், அடித்தேன், கை வலிக்கும்வரை அடித்தேன். கோடு அசையவில்லை. அக்காவின் நிச்சயதார்த்தம் என்று அவள் அன்று லீவு. அவளுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினேன்: "நிக்கல." பதிலுக்கு ஆச்சரியக்குறியாகவே ஒரு வரி முழுக்க வந்தது.

முதலாளிக்குக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு பெங்களூர்லருந்து ஆள் வர்றாரும்மா. நீ எடுக்க மாட்டேன்னு சொன்னத நான் எழுதிட்டேன். புரோகிராம் மொத்தத்தையும் வாங்கினு போய் அங்க முடிச்சிக்கிறோம்னு சொல்றாங்க."

"வரட்டும் சார்."

மறுநாள் காலை ரயிலில் வந்தார் அவர். பெங்களூர் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவர். நாற்பது வயதிருக்கும், சென்னைக்காரர். கோபக்காரர் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நல்லவிதமாகச் சிரித்துக்கொண்டே, "சின்ன ஊர்ல இவ்ளோ பண்ணதே பெருசு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

"முதல்ல விளையாடிப் பாருங்க சார்" என்று போனைக் கையில் கொடுத்தேன்.

அவர் விளையாடினார். மூன்று எதிரிகள் வந்தார்கள். உறையவில்லை. நான்காம் நிலை வரை போனார். உறையவில்லை. அவர் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. "ஆப்ஜெக்ட் பூலிங் பண்ணிட்டீங்களா?" என்றார். நான் செய்ததற்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் தெரிந்த மாதிரி, "ஆமா சார்" என்றேன்.

அப்போது பின்னாலிருந்து என் தோளில் ஒரு விரல் தட்டியது. முந்தின நாள் லீவில் இருந்ததால் அவள் இந்தப் புது வடிவத்தை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறாள். நோட்டை நீட்டினாள்: "எல்லாம் ஏன் சிவப்பு? 14க்கு ஏன் சிவப்பு?"

பார்த்தேன். கேடயத்தில் பட்ட 0கூடச் சிவப்பாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் ரயிலேறிப் போயிருப்பார், நான் மத்தியானம் சத்தமில்லாமல் சரிசெய்திருக்கலாம். அந்த யோசனை எனக்கு வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவள் நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சார், இதுல ஒரு தப்பு இருக்குது" என்றேன். "சாதா அடியும் சிவப்பா வருது. இவங்கதான் கண்டுபிடிச்சாங்க."

அவர் போனைக் கீழே வைத்தார். "பாத்தீங்களா. ஒண்ண சரி பண்ணா இன்னொண்ணு கெடுது. இதுக்குத்தான் எடுத்துடுங்கன்னு சொன்னோம்."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் இதற்குப் பிறகு என்ன பிடிவாதம் என்று இருந்தது.

"பத்து நிமிஷம் உக்காருங்க சார். இன்னா தப்புன்னு எனக்குத் தெரியும்."

உண்மையிலேயே தெரிந்துவிட்டது. புதிதாகப் பிறக்கிற ஆப்ஜெக்ட் சுத்தமாகப் பிறக்கும். சிவப்பா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். அதனால் பழைய முறையில், ஓங்கிய அடிக்கு மட்டும் 'சிவப்பு' என்று குறித்தால் போதுமாக இருந்தது. இப்போது அதே பன்னிரண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருமுறை சிவப்பானது அடுத்த அடிக்கும் சிவப்பாகவே எழும். எண்ணை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், வயதை மாற்றினேன். சிவப்பை அழிக்க மறந்தேன். விளையாட விளையாட, ஒவ்வொன்றாகப் பன்னிரண்டும் சிவந்துவிட்டன. முந்தின நாள் நான் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் இது கண்ணில் படவே இல்லை.

ஒரு வரி சேர்த்தேன். வரிசையிலிருந்து எடுக்கும்போதே பழைய நிறத்தை அழித்துவிடும் வரி. போனில் ஏற்றி மறுபடி அவர் கையில் கொடுத்தேன். வெள்ளையில் 14, வெள்ளையில் 0, சிவப்பில் 40, மறுபடி வெள்ளையில் 18.

"சரி" என்றார். "நல்லா இருக்கு. ஆனாலும் இது தேவையான்னுதான் கேக்கறேன். சத்தம் இருக்கே. எதுக்கு ஒரு ரிஸ்க்?"

என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவள் முன்னால் வந்துவிட்டாள். அவர் உதட்டைப் படித்திருக்கிறாள். மேசையிலிருந்து இன்னொரு போனை எடுத்தாள். எண்கள் சேர்ப்பதற்கு முந்தைய விளையாட்டு அதில் இருந்தது. சத்தத்தை முழுக்கக் குறைத்து அணைத்தாள். அவர் கையில் வைத்து, விளையாடுங்கள் என்று சைகை காட்டினாள்.

அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். முதல் எதிரியை வெட்டினார், வெட்டினார், கேடயத்திலேயே வெட்டிக்கொண்டிருந்தார். செத்தார். மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை சுற்றிப் போனார், ஆனால் பட்டதா படவில்லையா என்று தெரியாமல் ஒரே இடத்தில் நின்று செத்தார். மூன்றாம் முறை செத்தபோது சிரிப்பு இல்லை. போனின் ஒலிப் பொத்தானை அவர் விரல் தானாகத் தேடியது. அவள் தன் கையால் அந்தப் பொத்தானை மூடிக்கொண்டாள்.

பிறகு நோட்டில் எழுதி, அவர் படிக்கும்படித் திருப்பிவைத்தாள்: "எனக்கு தினமும் இப்படித்தான். பஸ்ஸில் சத்தம் அணைத்து ஆடும் எல்லாருக்கும் இப்படித்தான். நான் வரைந்ததை எடுக்காதீங்க."

அவர் அதை இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். "இவங்களுக்குக் காது..." என்று என்னிடம் ஆரம்பித்தார்.

"அவங்க கிட்டயே கேளுங்க சார். உதட்டப் பாத்தா புரியும்" என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "எடுக்கல. இருக்கட்டும்" என்றார். அவள் தலையசைத்தாள். நன்றி என்று எதுவும் எழுதவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அத்தோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து முதலாளி பெங்களூருக்கு எழுதிய மின்னஞ்சலின் நகல் எனக்கும் வந்தது. "உங்கள் குழுவின் ஆலோசனைப்படி எண்களைச் சீரமைத்துவிட்டோம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நேரே அவர் மேசைக்குப் போனேன்.

"எண்ண எடுத்துடுங்கன்றதுதானே சார் அவங்க ஆலோசனை. சீரமைச்சது நாங்க."

"அட, மரியாதைக்கு எழுதறதும்மா. அவங்களும் சந்தோசப்படுவாங்க. நமக்கு அடுத்த வேலை வரும்."

"வரட்டும். ஆனா இது பொய். படம் என் பக்கத்து மேசைல இருக்கறவங்களுது, புரோகிராம் என்னுது, தப்பக் கண்டுபிடிச்சதும் அவங்கதான். அத எழுதி இன்னொரு மெயில் அனுப்புங்க."

"ஜாஸ்தி பேஜார் பண்றம்மா நீ."

"ஆமா சார்."

தோல் வேண்டாம் என்று வீட்டில் எதிர்த்து நின்றவர்தானே, அந்தப் பிடிவாதம் அவருக்குத் தெரியாததில்லை. தட்டச்சுப் பலகையை இழுத்து, நான் நின்றுகொண்டிருக்கும்போதே எழுதினார். அவள் பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதாகவும் போடச் சொன்னேன். போட்டார். மாலையில் பதில் வந்தது. ஒரே ஒரு சொல்: "குறித்துக்கொண்டோம்."

விளையாட்டு வெளியானபோது அறிமுகப் பக்கத்தில் பெங்களூர் கம்பெனியின் பெயர் மட்டும்தான் இருந்தது. எங்கள் இருவர் பெயரும் இல்லை, ஆம்பூரும் இல்லை. அதற்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. இன்னொன்று அனுப்பினேன். அதற்கும் வரவில்லை. முதலாளி இந்த முறை என்னைத் தடுக்கவில்லை.

அடுத்த விளையாட்டுக்கான குறிப்பு வந்தபோது, அதில் எண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. முதல் நாளே பன்னிரண்டு ஆப்ஜெக்டுகளுக்கான வரிசையை எழுதி வைத்தேன். பக்கத்து மேசையில் அவள் பூஜ்யத்திலிருந்து வரைய ஆரம்பித்திருந்தாள்.